கருப்பட்டிக்கு மாறியும் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. முன்பு இரண்டு வேளை காபி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஸ்பூன் சீனி. போன வருடம் சீனியை அடியோடு நிறுத்திவிட்டோம். இப்போது மூன்று வேளையும் கருப்பட்டிக் காபி, காலையில் வெந்நீரில் ஒரு பெரிய ஸ்பூன் தேன். மாத்திரையில் மாற்றமில்லை. ஆனாலும் மூன்று மாதச் சர்க்கரை 7.4-லிருந்து 8.1 ஆகிவிட்டது. கடைக்காரர், 'உங்கள் கருப்பட்டியில் கலப்படம் இருக்கும், இதை வாங்குங்கள்' என்று கிலோ 600 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் தருகிறார். அதில் 'கிளைசெமிக் இண்டெக்ஸ் 35, நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் கருப்பட்டி சுத்தமானதாகவே இருந்தாலும் இந்த 8.1 வந்திருக்கலாம். ஒரு சமையல் தராசை எடுத்துவைத்து, நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முன்பு ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் சீனி. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி நான்கு முதல் ஐந்து கிராம். ஐந்து என்றே வைத்தாலும் நாளுக்கு 15 கிராம். இப்போது கருப்பட்டி. வட்டிலிருந்து உடைத்துப் போடும் ஒரு சில்லு பார்வைக்குச் சின்னதாக இருக்கும். தராசில் வைத்தால் சாதாரணமாக 15 கிராம் காட்டும். மூன்று காபிக்கு 45 கிராம். நல்ல கருப்பட்டியில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல் சர்க்கரைதான். மீதி ஈரப்பசையும் கொஞ்சம் தாதுக்களும். ஆக அதிலேயே 36 கிராம். தேன் கனமான பொருள். ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் இருக்கும், அதில் 17 கிராம் சர்க்கரை. இரண்டையும் கூட்டினால் 53 கிராம்.

அதாவது சீனியை நிறுத்திய பிறகு உங்கள் கணவர் முன்பைவிட மூன்றரை மடங்கு சர்க்கரை சாப்பிடுகிறார். சீனியாக இருந்தபோது பயந்து பயந்து போட்ட கை, கருப்பட்டி என்றதும் தாராளமாகிவிட்டது. இரண்டு காபி மூன்றாகவும் ஆகிவிட்டது. பல வீடுகளில் நடப்பது இதுதான். உங்கள் வீட்டுச் சில்லு என்ன எடை என்பதை நீங்களே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே மாறும். ஆனால் பழைய 15 கிராமுக்கு அது இறங்கிவராது.

இனி அந்த இனிப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சீனி முழுக்க சுக்ரோஸ். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். பனங்கற்கண்டு இன்னும் ஒரு படி மேலே, ஏறத்தாழ முழுக்கவே சுக்ரோஸ். ராத்திரிப் பாலில் அதை மருந்து மாதிரி போட்டுக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரும்புச் சாற்றிலிருந்து வந்ததா பதநீரிலிருந்து வந்ததா என்பது குடலுக்குத் தெரியாது. அது சுக்ரோஸைப் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் என்று உடைத்து ரத்தத்துக்கு அனுப்பிவிடும். தேனில் அந்த உடைக்கும் வேலையைத் தேனீயே முடித்துவிடுகிறது. குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் சற்று அதிகம் என்பதால் சில தேன்கள் சீனியைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும். ஆனால் அது பூவுக்குப் பூ மாறும், பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கிலேயே தேனையும் சேர்த்திருக்கிறது.

இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். 100 கிராம் வெல்லத்தில் சில மில்லிகிராம் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பத்து கிராம் வெல்லத்தில் அரை மில்லிகிராம் கிடைத்தால் பெரிது. அதற்காகச் சர்க்கரை நோயாளி வெல்லம் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரு பிடி முருங்கைக்கீரை போதும்.

சரி, அந்த 35 எங்கிருந்து வந்தது? கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பது, ஒரு உணவிலிருந்து 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கிற அளவு கொடுத்து, ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று சுத்தக் குளுக்கோஸோடு ஒப்பிட்டுப் போடும் எண். பிலிப்பைன்ஸில் தென்னம்பாளையில் இறக்கிய பாளைச்சாற்றுச் சர்க்கரையை ஒரு சிறு குழுவிடம் அளந்தபோது 35 வந்தது. பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தில் தென்னஞ்சர்க்கரையை அளந்தபோது 54 வந்தது. சீனியே 65 சுற்றித்தான். பனையிலிருந்து வந்த கருப்பட்டிப் பாக்கெட்டில் 35 என்று பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்: தென்னைக்கு ஒருமுறை கிடைத்த எண்ணைப் பனைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் கருப்பட்டியை எந்த ஆய்வகத்தில், எத்தனை பேரிடம் அளந்தீர்கள் என்று பாக்கெட்டில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். அறிக்கை தராவிட்டால் அந்த 35-ஐக் கணக்கில் எடுக்க வேண்டாம். தந்தாலும், எண் குறைவு என்பதற்காக மும்மடங்கு சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும்.

பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். அதில் இரண்டு வரி முக்கியம். 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியில் 100 கிராமுக்கு 80, 85 என்று இருக்கும். அதுதான் உண்மை. அதற்கு அடுத்த வரியில் 'சேர்த்த சர்க்கரை 0' என்று சில பாக்கெட்டுகளில் போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து எதையும் கலக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பொருளே சர்க்கரை என்பதை அந்தப் பூஜ்யம் மறைத்துவிடும். இதே வெல்லத்தையோ தேனையோ போட்டுச் செய்த பிஸ்கட், லட்டுக்கு 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தரவில்லை. அப்படிப் போட்டிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பாக்கெட்டோடு புகார் கொடுக்கலாம்.

கலப்படம் உண்மையான பிரச்சினைதான். பதநீர் இறங்காத மாதங்களிலும் கடை நிறையக் கருப்பட்டி கிடைக்கிறதென்றால், சீனிப்பாகு சேர்த்துக் காய்ச்சியது எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் அந்த ஊர்ச் சரக்கா என்பது வேறு. தேனில் சர்க்கரைப்பாகு கலந்திருப்பதைத் தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தோய்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உங்கள் கடைக்காரர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டார். கலப்படக் கருப்பட்டி வாங்கினால் நஷ்டம் பணத்துக்கும் சுவைக்கும், பனையேறிக்கும். ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை சுத்தமானதற்கும் சீனி கலந்ததற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ஏனென்றால் இரண்டும் சுக்ரோஸ்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரே மாதிரி உறங்கி எழுந்த இரண்டு காலைகளில், ஒரு நாள் பத்து கிராம் சீனி போட்ட காபி, இன்னொரு நாள் 12 கிராம் கருப்பட்டி போட்ட காபி. பால் அளவு ஒன்றே இருக்க வேண்டும், இரண்டு மணி நேரம் வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. குடிக்கும் முன்பு, ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து என்று குத்திப் பாருங்கள். ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: மீட்டருக்கே 15 சதவிகிதம் கூடக்குறையக் காட்ட அனுமதி உண்டு. 200 என்று காட்டுவது 170-ஆகவும் இருக்கலாம், 230-ஆகவும் இருக்கலாம். அதனால் 20, 25 வித்தியாசத்தைப் பார்த்து 'கருப்பட்டி வென்றது' என்று முடிவு கட்ட வேண்டாம். காலை உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

நான் சொல்வது இவ்வளவுதான். தேனை நிறுத்துங்கள். வெந்நீர் தனியாகவே நன்றாக இருக்கும். மூன்றாவது காபியை இனிப்பில்லாமல் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் கருப்பட்டியின் வாசம் அவருக்கு வேண்டுமென்றால் விலக்க வேண்டாம், ஆனால் சில்லாகப் போடாமல் துருவி, தராசில் ஐந்து கிராம் எடுத்துப் போடுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இப்போது 53 இருந்தது எட்டு கிராமாகிவிடும். அப்புறம் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அதற்குள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். 8.1-க்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் தினமும் 53 கிராம் போவது தெரியாமல் மருத்துவர் மாத்திரையைக் கூட்டினால் அது வேண்டாத கூட்டலாகப் போய்விடும்.

கேள்வி: அம்மாவுக்குச் சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்குகிறது. உடனே கருப்பட்டியை வாயில் வைக்கிறோம். சரிதானே?

பதில்: அவசரத்துக்குக் கருப்பட்டி தோதானதல்ல. கடித்துக் கரைந்து உள்ளே போக நேரம் பிடிக்கும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். குளுக்கோஸ் இல்லாவிட்டால் சீனி கரைத்த தண்ணீர்.

ஒரு விஷயத்தை மட்டும் இன்றே பாருங்கள்: அம்மாவின் மாத்திரை அட்டையில் அகார்போஸ் அல்லது வோக்ளிபோஸ் என்ற பெயர் இருக்கிறதா? கூட்டு மாத்திரைகளில் இரண்டாவது மூன்றாவது பெயராக இருக்கும். இவை சுக்ரோஸ் உடைவதையே தாமதப்படுத்தும் மருந்துகள். அதைச் சாப்பிடுபவருக்குச் சீனி, வெல்லம், கருப்பட்டி எதைக் கொடுத்தாலும் வேண்டிய வேகத்தில் வேலை செய்யாது. குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். ஒரு டப்பா வாங்கி, தூங்குமிடத்துப் பக்கத்தில் வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். அடிக்கடி இப்படி இறங்குகிறதென்றால் மருந்தின் அளவை மருத்துவர் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் கழித்து இறங்கியது என்று குறித்துக்கொண்டு போங்கள்.