டிக்கெட் இல்லாத கூட்டத்தில் தலைகளை எண்ணுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் மைதானத்தில் நடந்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். டிக்கெட்டும் இல்லை, பதிவேடும் இல்லை. இது உண்மையா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். செய்தி எழுதும் வேலையில் நான் நம்பியிருப்பது மிகப் பழைய ஒரு முறை. 1960களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டம் நடந்த சதுக்கத்தின் படங்களை வைத்து இதை உருவாக்கினார். அங்கே தரையே கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. சில கட்டங்களில் தலைகளை எண்ணி, அதை முழு இடத்துக்கும் பெருக்கினார்.

அவர் சொன்ன அளவுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒரு கை நீளம் இடைவெளி விட்டுத் தளர்வாக நின்றால் ஒருவருக்கு 10 சதுர அடி. நெருக்கமாக நின்றால் 4.5. மூச்சு முட்டும் நெரிசல் என்றால் 2.5. மனக்கண்ணில் பார்க்க வேண்டுமானால், பத்துக்குப் பத்து அடி கட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் தளர்வாக 10 பேர், நெருக்கமாக 22 பேர், நெரிசலில் 40 பேர்.

உங்கள் மைதானம் 400 அடி நீளம், 300 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000 சதுர அடி. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, `Measure distance` வசதியால் சுற்றுக்கோடு போட்டு மூடினாலே பரப்பளவு வந்துவிடும். இதில் மேடை, அதன் முன்னே தடுப்புக் கட்டி விட்ட இடம், வண்டிகள் வரும் வழி எல்லாம் சேர்த்து 20,000 போகட்டும். மீதி ஒரு லட்சம் சதுர அடி.

இப்போது முழு இடத்துக்கும் ஒரே அடர்த்தியைப் போடக்கூடாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் 40,000 சதுர அடியில் இருந்தால், நடைபாதையோடு சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய 7 சதுர அடி வரும். அங்கே 5,700 பேர். வரிசைகளையும் ஒரு வரிசையின் நாற்காலிகளையும் எண்ண முடிந்தால் அதுவே இன்னும் நல்லது. நாற்காலிகளைச் சுற்றி நெருக்கமாக நிற்பவர்கள் 25,000 சதுர அடியில் என்றால் 5,550 பேர். ஓரங்களில் தளர்வாக நிற்கும் 35,000 சதுர அடிக்கு 3,500. கூட்டினால் 14,750. ஆகவே 15,000 பேர் என்று சொல்லலாம். அடர்த்தி கால் பங்கு முன்பின் தவறியிருந்தாலும் 11,000க்கும் 18,500க்கும் இடையில்தான் வரும்.

ஒரு லட்சம் பேர் என்றால் அதே பத்தடிக் கட்டத்தில் 100 பேர் நிற்க வேண்டும். மூச்சு முட்டும் நெரிசலிலேயே 40தான். நாற்காலியே இல்லாமல் அந்த ஒரு லட்சம் சதுர அடி முழுவதும் அப்படி நெரிந்தாலும் 40,000ஐத் தாண்டாது.

பரப்பளவில் பெரிய சண்டை வராது, அடர்த்தியில்தான் வரும். 1995இல் வாஷிங்டனில் நடந்த மில்லியன் மேன் மார்ச் கூட்டத்துக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 4 லட்சம் என்றது. ஏற்பாட்டாளரான லூயிஸ் ஃபராகான் வழக்குப் போடுவேன் என்றார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபாரூக் எல்-பாஸ் குழு, பூங்காத் துறையின் வான்படங்களையே ஆராய்ந்து 8,37,000 என்றது, 20 சதவீதம் கூடலாம் குறையலாம் என்ற குறிப்போடு. படங்கள் அவைதான், விடை இரு மடங்கு. அப்புறம் பூங்காத் துறை கூட்டத்தை எண்ணுவதற்கான பணத்தையே அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது.

அதனால் படத்தில் கவனமாக இருங்கள். மேடையிலிருந்து எடுத்த படத்தில் முன்வரிசைத் தலைகள் பின்னாலிருக்கும் வெற்றிடத்தை மறைத்துவிடும். நிலத்தை நேர் மேலிருந்து காட்டும் டிரோன் படம்தான் வேண்டும். அதில் ஆட்களுக்கு இடையே தரை பரவலாகத் தெரிந்தால் அது தளர்வான கூட்டம், 4.5 போடாதீர்கள். முன்னால், நடுவில், ஓரத்தில் என வெவ்வேறு கட்டங்களில் எண்ணுங்கள். படத்தில் தூரத்தைக் கணிக்க, நிற்கும் பேருந்தின் நீளத்தையோ மின்கம்பங்களின் இடைவெளியையோ எடுத்துக்கொள்ளலாம். ஷாமியானாவுக்கும் மரத்துக்கும் கீழே இருப்பவர்கள் மேலிருந்து தெரியமாட்டார்கள், அந்த இடத்தை மட்டும் கீழே நடந்து போய்ப் பாருங்கள்.

கிடைப்பது படம் எடுத்த அந்த நேரத்தின் எண்ணிக்கை மட்டும்தான். காலையில் வந்து மதியமே போனவர்கள் இதில் வரமாட்டார்கள். ஊர்வலம் என்றால் இந்த முறையே பொருந்தாது. ஓரிடத்தில் நின்று, நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று அவ்வப்போது எண்ணி, ஊர்வலம் கடந்த மொத்த நிமிடங்களால் பெருக்க வேண்டும்.