‘எத்தனை?’ என்று மறுபடி கேட்டால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று மாதமாக ஓர் உணவகச் சமையலறையில் ராத்திரி ஷிஃப்டை நான் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். கூட்டம் ஏறும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஏறியதும் ஆளாளுக்குப் பேசுகிறார்கள், ஒரே மேஜையின் தட்டுகள் முன்னும் பின்னுமாக வருகின்றன, நான் கத்துகிறேன். கத்தினால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? கிரில்லையும் பார்த்துக்கொண்டு, ஆர்டர் எழுதி வரும் டிக்கெட்டையும் படிக்கிறீர்கள் என்றால் கத்தாமல் முடியாது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கத்தினேன். ஐந்து பேரில் ஒருவரை அடுப்பிலிருந்து எடுத்தால் கை குறையுமே என்று தோன்றும். எடுத்துப் பாருங்கள். தட்டுகள் வெளியே போகிற மேஜையில், அதாவது பாஸில், நீங்கள் நில்லுங்கள். டிக்கெட் உங்கள் கைக்கு மட்டும் வரட்டும். பரிமாறுகிறவர் நேரே அடுப்படிக்குப் போய் “ஏழாம் மேஜை என்னாச்சு?” என்று கேட்கக் கூடாது, உங்களிடம்தான் கேட்க வேண்டும். பழைய பிரெஞ்சு சமையலறைகளில் இந்த வேலைக்கென்றே ‘அபுவாயர்’ என்று ஓர் ஆள் உண்டு. நேர்ப்பொருள் ‘குரைப்பவர்’. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குரைக்காமலும் செய்யலாம்.

இனி அழைப்பு, அதாவது ஆர்டரை உரக்கச் சொல்கிற விதம். பன்னிரண்டாம் மேஜைக்கு இரண்டு கோழி, ஒரு மீன், ஒரு சாலட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அடுப்பில் கோழிக்கு 14 நிமிடம், மீனுக்கு 6, சாலட்டுக்கு 2 ஆகிறது. டிக்கெட்டை அப்படியே வாசித்தால், வாணலி காலியாக இருக்கும் மீன்காரர் உடனே போட்டுவிடுவார். மீன் எட்டு நிமிடம், தட்டுகளைச் சூடாக வைக்கும் விளக்கின் கீழே காய்ந்து கிடக்கும். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: “பன்னிரண்டு. இரண்டு கோழி, இப்போது. மீன் ஒன்று, சாலட் ஒன்று, பிறகு.” கோழிக்காரர் திருப்பிச் சொல்ல வேண்டும்: “இரண்டு கோழி, பதினாலு.” எட்டு நிமிடம் கழித்து நீங்கள் கடிகாரத்தை நம்பி மீனைப் போடச் சொல்லக் கூடாது. முதலில் “பன்னிரண்டு கோழி எவ்வளவு?” என்று கேளுங்கள். “ஆறு” என்றால் மீன். “எட்டு” என்றால் மீன் இரண்டு நிமிடம் பொறுக்கட்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் சாலட்.

பதிலில் எண் இருந்தே ஆக வேண்டும். வெறும் ‘சரி’ போதாது. ஒருமுறை “மூன்று மீன்” என்றேன், “சரி” என்று பதில் வந்தது. அவர் போட்டது இரண்டு. முந்தின டிக்கெட்டின் ‘இரண்டு’ அவர் காதில் இன்னும் இருந்திருக்கிறது. ஒரு மேஜை முழுக்க ஆறு நிமிடம் காத்திருந்தது. எண் திரும்பி வரவில்லை என்றால் அதே சொற்களை அதே குரலில் இன்னொரு தடவை சொல்லுங்கள். சொற்களை மாற்றினால் அது புது ஆர்டர் மாதிரிக் கேட்கும்.

டிக்கெட்டுகள் சேரச்சேர மொத்தத்தையும் சொல்ல வேண்டும்: “கோழி ஒன்று, மொத்தம் மூன்று.” ஒரே ஆள் சில நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை “எத்தனை?” என்று கேட்டால் அவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அழைப்பை அரை நிமிடம் நிறுத்தி, அவருடைய மொத்தத்தை மட்டும் வாசியுங்கள். சாலட்காரரை அவர் பக்கத்தில் தட்டு அடுக்க அனுப்புங்கள். அடுப்பைத் தொட வேண்டாம், அடுக்கினால் போதும்.

அப்புறம் தவறு. கோழி உள்ளே வேகாமல் ஒரு தட்டு திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் “ஏன்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் விளக்கம் சொல்ல உங்கள் பக்கம் திரும்புவார், வாணலியில் இருப்பது கருகும். “பன்னிரண்டு, கோழி ஒன்று புதிதாக. எத்தனை நிமிடம்?” அவ்வளவுதான். எண் வந்ததும் அதைப் பரிமாறுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். புதிய துண்டு வெளியே போகுமுன் அதன் தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

‘ஏன்’ என்பதை அடுப்பு அணைந்த பிறகு, தனியாகக் கேளுங்கள். என் சமையலறையில் இப்படி ஒரு கோழி திரும்பிய அன்று ராத்திரி உட்கார்ந்து பேசினோம். நான்கு துண்டு பிடிக்கிற வாணலியில் அவர் ஆறு போட்டிருந்தார், சூடு இறங்கிவிட்டது. ஏன் ஆறு போட்டார் என்றால், நான் ஆறு சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு ஐந்தாவது கோழிக்கான டிக்கெட்டை, வாணலி காலியாகும்வரை, என் கையிலேயே வைத்துக்கொள்கிறேன்.