தோட்டத்து வீட்டுக்கு டிவி: கடைக்குப் போவதற்கு முன் சர்வீஸ் எண்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். 55 இஞ்ச் டிவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதிகம் கேள்விப்படாத பிராண்ட். எல்லா ஊரிலும் சர்வீஸ் உண்டு என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘சர்வீஸ் உண்டு’ என்றால் என்னவென்று பழுதான பிறகுதான் நமக்குத் தெரியும்.

என் அப்பா வீட்டு டிவியில் ஒருநாள் சத்தம் மட்டும் வந்தது, படம் இல்லை. இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிந்தது. அப்படியென்றால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைதான் போய்விட்டது. சின்ன வேலை என்று நினைத்தோம். ஈப்போவில் ‘சர்வீஸ் சென்டர்’ என்று போட்டிருந்த இடம், டிவியை வாங்கிக் கோலாலம்பூருக்கு அனுப்பும் கவுண்டர் மட்டுமே. அங்கே பல வாரம் கிடந்தது, கடைசியில் அந்த மாடலுக்குப் பட்டை இல்லை என்றார்கள். எங்கள் ஊர் ரிப்பேர் அண்ணனிடம் கேட்டோம். பட்டையின் நீளம், அதிலுள்ள எல்இடி எண்ணிக்கை, வோல்டேஜ் மூன்றும் பொருந்த வேண்டும், அதிகம் விற்காத மாடலுக்கு அது அமையாது என்றார்.

அதனால் அடுத்த டிவிக்கு முதலில் அவரிடம்தான் போனேன். ‘எது நல்ல பிராண்ட்’ என்று கேட்கவில்லை. ‘எந்த பிராண்டுக்குப் பட்டையும் பவர் போர்டும் உங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது’ என்று கேட்டேன். இரண்டு பெயர் சொன்னார்.

அப்புறம் அந்த நிறுவனங்களின் சர்வீஸ் எண்ணை அழைத்தேன். கடையில் பெட்டிமேல் இருந்த முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதி வைத்திருந்தேன், ஏனென்றால் அந்தக் கடைசி எழுத்துகள் மாறினால் உள்ளே இருக்கும் பாகமும் மாறலாம். “போஸ்ட்கோட் 31100, தோட்டத்துக்குள் இருக்கிறோம், வீட்டுக்கு ஆள் வருவாரா? போக்குவரத்துக்குத் தனிக் காசா? பழுதை வீட்டிலேயே பார்ப்பீர்களா, எடுத்துப் போவீர்களா?” என்று கேட்டேன். ஒருவர் உடனே தெளிவாகச் சொன்னார். இன்னொருவர் கடையில் கேளுங்கள் என்றார், அவரை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வருவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 55 இஞ்ச் டிவியைக் காரில் படுக்க வைத்துச் செம்மண் பாதையில் கொண்டுபோனால் நல்ல பேனலும் விரிசல் விடலாம். பேனல் போனால் எந்த பிராண்டாக இருந்தாலும் அதன் விலை புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதற்குப் பாகம் தேடுவதில் பயனில்லை.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வரும். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 37-ஆம் பிரிவுப்படி, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் ‘பாகம் கிடைக்காது’ என்று வாங்கும்போதே தெரிவித்திருந்தால் அது பொருந்தாது. ஆகவே ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் வாரண்டி கார்டையும் காசு கொடுக்கும் முன்பே படித்துவிடுங்கள்.