ஆமிக்காரர் குடும்ப விவரம் கேட்டால் மறுக்கலாமா?

"முகாமிலயிருந்து ரெண்டு பேர் வந்து குடும்ப விவரம் எழுதி, படமும் எடுக்கக் கேட்கினம். தனியுரிமை அடிப்படை உரிமைதானே, மறுக்கலாமா?"

மறுக்கலாம், ஆனால் தனியுரிமை என்ற சொல்லை மட்டும் நம்பி அல்ல. 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு ஒருவரின் அந்தரங்கத்துக்குள் வருவதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், எடுப்பது அந்த நோக்கத்துக்கு அளவாக இருக்கவும் வேண்டும் என்றார்கள். அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் தனியுரிமைக்கென்று உறுப்புரை இல்லை. தகவல் அறியும் உரிமையைத் தரும், 2015இல் வந்த 14அ உறுப்புரையிலும் தகவல் தர மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகத்தான் அந்தச் சொல் வருகிறது.

ஆனாலும் "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்ற முதல் கேள்வியை இங்கேயும் கேட்கலாம். சட்ட அதிகாரம் இல்லாமல் ஒரு ஊராரை மட்டும் பதிவது எதேச்சையான செயல் என்று, சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 12(1)ஆம் உறுப்புரையின் கீழ் வாதிடலாம். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இராணுவம் குடும்பங்களைப் பதிந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2011 மார்ச்சில் பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு உறுதி சொன்னது. அது தீர்ப்பு அல்ல, உறுதிமொழிதான். அதனால்தான் கேள்வி இன்னும் உங்கள் படலை வரை வருகிறது.

பொலிஸ் வந்தால் கதை வேறு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் வீட்டில் இருப்போரின் பட்டியலைக் கேட்க இடமுண்டு. இராணுவம் அதைக் காட்ட முடியாது. குடும்பப் படமும் அந்தப் பட்டியலில் அடங்காது.

அடிப்படை உரிமை வழக்குகள் பெரும்பாலும் விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, வந்தவர் அரச ஆள் என்று காட்ட முடியாமை. சிவில் உடுப்பில் வந்தவரின் பெயரும் தெரியாவிட்டால் மனு அங்கேயே தளரும். ஆகவே நாள், நேரம், வாகன இலக்கம், எந்த முகாம் என்பதை அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். படிவத்தைத் தந்தால் கையெழுத்துப் போடமுதல் போனில் படம் பிடியுங்கள்.

மற்றது காலம். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனு போக வேண்டும். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததாகக் காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கும். ஆணைக்குழு அனுப்பும் கடிதங்கள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

"ஆமிக்காரனிட்டச் சட்டம் கதைக்கேலுமே?" என்று ஆரேனும் கீழே எழுதுவீர்கள். வாசலில் நின்று வாதாடச் சொல்லவில்லை. "கிராம அலுவலரிட்ட விவரம் இருக்கு, எழுத்தில கேளுங்கோ" என்றால் போதும்.

நிவாரணப் பொதி கொடுத்துவிட்டு விதவைகளின் முகத்தை முகநூலில் போடுகிற நம்மவர்களை மட்டும் இந்த வழியில் பிடிக்க முடியாது. 126 அரசின் நிர்வாகச் செயலுக்கு மட்டுந்தான்.