13 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் பேட்ச்: ஒரு சனிக்கிழமை வகுப்பு, கட்டணம், பெற்றோர் கேள்விகளுக்கு ஹெட் கோச் பதில்

கேள்வி (10 வயதுப் பையனின் அம்மா, மேடவாக்கம்): எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு அகாடமில மாசம் 1,800 ரூபாய்தான். நீங்க 3,000 சொல்றீங்க. ரெண்டு இடத்துலயும் வாரம் மூணு நாள், ரெண்டு மணி நேரம். அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: உங்கள் பையன் ஒரு வகுப்பில் எத்தனை பந்து ஆடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். கட்டணத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு இப்படிப் போகும். காலை 6 மணிக்கு ஓட்டமும் ஜோடி ஜோடியாகத் த்ரோ பயிற்சியும், 15 நிமிடம். அடுத்து 25 நிமிடம் கேட்ச், கிரவுண்ட் ஃபீல்டிங். 6.40 முதல் 7.40 வரை நெட்ஸ். கடைசி 20 நிமிடம் ரன் ஓடும் பயிற்சி, பிறகு கிட்டை எடுத்து வைப்பது.

பேட்ச்சில் 18 பேர்தான் சேர்ப்போம். மூன்று நெட், மூன்று கோச், நெட்டுக்கு ஆறு பிள்ளைகள். ஒருவன் பேட் செய்வான், அடுத்தவன் கால் பேட் கட்டித் தயாராக நிற்பான், மற்ற நாலு பேர் பந்து போடுவார்கள். ஆளுக்கு 10 நிமிடம். சிறுவர்கள் பந்தை எடுத்து வந்து போடும் வேகத்தில் நிமிடத்துக்கு மூன்று பந்துதான் வரும். ஆக ஒரு பிள்ளைக்கு 30 பந்து பேட்டிங், சுமார் 30 பந்து பவுலிங், அதாவது 5 ஓவர்.

இதே ஒரு மணி நேரத்தில் 40 பிள்ளைகள், இரண்டு நெட் என்று வையுங்கள். நெட்டுக்கு 20 பேர், ஆளுக்கு 3 நிமிடம், 9 பந்து. மாதம் 12 வகுப்பு என்றால் அங்கே 108 பந்து, இங்கே 360. ஒரு பந்துக்கு அங்கே 16 ரூபாய்க்கு மேல், இங்கே 8 ரூபாய் சொச்சம்.

உங்கள் தெரு அகாடமியில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. குறைவான பிள்ளைகளை வைத்து நன்றாக நடத்துகிறார்கள் என்றால் 1,800 ரூபாய்க்கு அங்கேயே சேருங்கள். சேர்க்கும் முன் ஒரு நாள் நெட் ஓரமாக நின்று எண்ணிவிடுங்கள்.

கேள்வி (11 வயதுப் பையனின் அப்பா): சார், என் பையன் நேரா வர்ற பந்துலதான் போல்ட் ஆகுறான். அடிச்சாலும் எல்லாமே மிட் விக்கெட் பக்கம்தான் போகுது. கண்ணு சரியா பார்க்கலைன்னு நினைக்கிறேன். உயரம் 4 அடி 7 அங்குலம். ரெண்டு வருஷம் உழைக்கட்டும்னு 6ஆம் சைஸ் பேட் வாங்கிக் கொடுத்தேன்.

பதில்: ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் எனக்குச் சந்தேகம். இந்த உயரத்துக்கு 4ஆம் சைஸ் போதும். 6ஆம் சைஸ் இதைவிட நன்றாக உயரமான பிள்ளைக்கு.

பேட் பெரிதானால் நடப்பது இதுதான். கைப்பிடியின் மேல்முனை வயிற்றில் முட்டும், எனவே பிள்ளை கையைக் கீழே இறக்கிப் பிடிப்பான். கனம் தாங்காமல் டாப் ஹேண்ட் தளரும், பாட்டம் ஹேண்ட் வேலையை எடுத்துக்கொள்ளும். பேக்லிஃப்ட் நேராகப் பின்னால் போகாமல் கல்லி பக்கம் போகும். அங்கிருந்து பேட் வளைந்து குறுக்கே வரும். பட்டால் மிட் விக்கெட், படாவிட்டால் ஸ்டம்ப். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிக்கும் ஒரே காரணம்.

வீட்டிலேயே பாருங்கள். ஷூ போட்டு நேராக நிற்கவைத்து பேட்டைக் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். கைப்பிடியின் முனை தொடையும் இடுப்பும் சேரும் மடிப்புக்கு வர வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. பிறகு டாப் ஹேண்டால் மட்டும் பிடித்து பேக்லிஃப்ட் உயரத்துக்குத் தூக்கிப் பத்து எண்ணச் சொல்லுங்கள். பத்துக்குள் மணிக்கட்டு தொங்கினால் கனம் அதிகம்.

பேட்டை மாற்றினால் மட்டும் பழக்கம் போய்விடாது. இப்படி வரும் பிள்ளைக்கு முதலில் டாப் ஹேண்ட் மட்டும். ஒருவர் டென்னிஸ் பந்தைத் தோள் உயரத்திலிருந்து கீழே விட, அது எழும்பியதும் ஒரு கையால் நேராகத் தட்ட வேண்டும், 12 பந்தாக இரண்டு செட். இதற்குச் சின்னப் பிளாஸ்டிக் பேட் போதும். அடுத்து இரண்டு கை, ஆனால் பாட்டம் ஹேண்டின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே பிடிக்கும். கடைசியாக எட்டு கஜத்திலிருந்து அண்டர் ஆர்மில் போடும் பந்தை, போடுபவரின் இரு பக்கமும் வைத்த கோன்களுக்கு நடுவே அடிப்பது. பத்துக்கு ஏழு நடுவே போன பிறகுதான் நெட்.

நெட்டுக்குப் போய் வேகப் பந்து வந்ததும் பழைய அடி திரும்பும். அது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பது. அதனால் அவனுடைய 30 பந்தில் முதல் பத்தைக் கோச்சே த்ரோடவுனாகப் போடுவோம். இப்போதைக்கு காஷ்மீர் வில்லோ 4ஆம் சைஸ் வாங்குங்கள். வளரும் பிள்ளைக்கு விலை உயர்ந்த இங்கிலிஷ் வில்லோ வேண்டாம்.

கேள்வி (13 வயதுப் பையனின் சித்தப்பா, தாம்பரம்): சனிக்கிழமை இலவச ட்ரையல்னு போட்டிருக்கீங்க. அதுல செலக்ட் ஆனா டிஎன்சிஏ அண்டர் 14ல ஆட வைப்பீங்களா?

பதில்: இது செலக்‌ஷன் ட்ரையல் இல்லை. சேரும் முன் ஒரு வகுப்பில் கலந்துகொண்டு பார்ப்பது, அவ்வளவுதான். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தேர்வு தனி. அறிவிப்பு வரும்போது பெற்றோருக்குச் சொல்வோம், வயதுச் சான்றைத் தயாராக வைக்கச் சொல்வோம். எந்த அகாடமிக்கும் அங்கே ஒதுக்கிய இடம் கிடையாது. 'டீமில் போடுகிறோம்' என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிறந்த தேதியையும் மாற்ற நினைக்காதீர்கள். 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு பிசிசிஐ இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது.

கேள்வி (11 வயது ஃபாஸ்ட் பவுலரின் அப்பா): பையன் உங்க வகுப்புல 5 ஓவர்தான் போடுவான்னா பத்தாதே? இப்போ தினமும் மொட்டை மாடில 100 பந்து போடுறான். நிறைய போட்டாத்தானே வேகம் வரும்? அப்பப்போ இடுப்பு வலிக்குதுங்கிறான், தைலம் தேய்ச்சா சரியாயிடுது.

பதில்: நிறையப் போட்டால் கை பழகும் என்பது சரி. 11 வயது முதுகெலும்பு அதைத் தாங்காது என்பது மறுபாதி. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயது வரை உள்ள வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளில் மொத்தம் 10 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. 100 பந்து என்றால் 16 ஓவருக்கு மேல். அதுவும் சிமென்ட் தரையில், தினமும்.

தைலத்தை நிறுத்திவிட்டு வலி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வலது கை பவுலருக்கு இடது பக்கம் கீழ் இடுப்பில் வலித்து, பின்னால் வளையும்போது கூடினால் எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். இடுப்பு ஒரு திசையும் தோள் இன்னொரு திசையும் பார்க்கும் ஆக்‌ஷன் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்த்து அவர் சரி என்ற பிறகு கூட்டி வாருங்கள். அதுவரை பவுலிங் வேண்டாம்.

கையில் உள்ள பந்தையும் பாருங்கள். பெரியவர்கள் ஆடுவது 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குக் கீழ் 133 முதல் 144 கிராம் போதும். நாங்கள் இந்தப் பிள்ளைகளை 22 கஜத்துக்குப் பதில் 18 கஜத்தில்தான் போடவிடுகிறோம். 22 கஜத்தில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பை முறுக்குவதுதான் ஆக்‌ஷன் கெடுவதற்குப் பெரிய காரணம்.

கேள்வி (முன்னாள் சிட்டி லீக் ஆட்டக்காரர்): மூணு நெட்டும் மேட்டிங்னு பார்த்தேன். மேட்ல வளர்ந்த பையன் டர்ஃபுக்கு, அதான் மண் பிட்ச்சுக்கு, வந்தா பேக் ஃபுட்டுலயே நிப்பான், கீழே வர்ற பந்துல எல்பிடபிள்யூ. மேட்டை இழுத்துக் கட்டுறீங்களா, லூசா விடுறீங்களா?

பதில்: நீங்கள் சொல்வது உண்மை. மேட்டில் பந்து உயரமாக, ஒரே சீராக வரும். அதே லெங்த் டர்ஃபில் முழங்காலுக்குக் கீழ் வரும். செவ்வாய், வியாழன் இழுத்துக் கட்டுகிறோம். சனிக்கிழமை ஒரு நெட்டில் மட்டும் சற்றுத் தளர்த்துவோம், ஸ்பின் பிடித்துத் திரும்பட்டும் என்று. டர்ஃப் எங்கள் 16 வயது பேட்ச்சுக்கு மட்டும், வாரம் ஒரு நாள்.

10, 11 வயதில் பவுன்ஸ் சீராக இருந்தால் பயமில்லாமல் காலை நீட்டப் பழகுவான் என்பது என் கருத்து.

அவரே மீண்டும்: பயம் போகும், ஒத்துக்கிறேன். ஆனா 16 வரைக்கும் காத்திருந்தா லேட். 13லயே டர்ஃப் காட்டணும்.

பதில்: கோச்சுகளுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. செலவு ஒரு பக்கம், டர்ஃபை ஒரு நாள் பயன்படுத்தினால் ரோல் செய்து ஆறவிட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். 13 வயதுப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாளாவது கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

கேள்வி (9 வயதுப் பெண்ணின் அம்மா): பொண்ணுங்களும் வரலாமா? அப்புறம் அக்டோபர், நவம்பர்ல மழை பெய்ஞ்சா ஃபீஸ் என்ன ஆகும்? மொத்தம் எவ்வளவு, தெளிவா சொல்லுங்க.

பதில்: தாராளமாக வரலாம். 13 வயது வரை பையன்களோடு ஒரே பேட்ச்தான். உடை மாற்றத் தனி அறை உண்டு.

உங்கள் மகளுக்கு 10 வயதுக்குட்பட்ட பேட்ச்: சனி, ஞாயிறு காலை 6.30 முதல் 8 வரை, மாதம் 2,000 ரூபாய், டென்னிஸ் பந்தும் மென்பந்தும் மட்டும். 13 வயது பேட்ச் செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 6.30, சனி காலை 6 முதல் 8, மாதம் 3,000. 16 வயது பேட்ச் வாரம் ஐந்து நாள், 4,500. சேர்க்கைக் கட்டணம் ஒரே முறை 1,500, அதில் இரண்டு டி ஷர்ட்டும் தொப்பியும் அடக்கம். கிட், மேட்ச் நாள் பயணச் செலவு இதில் சேராது.

மழையால் மைதானம் மூடினால் அந்த வகுப்பை ஜனவரிக்குள் ஈடு செய்வோம். ஒரு மாதத்தில் பாதி வகுப்புக்கு மேல் போனால் அடுத்த மாதக் கட்டணத்தில் பாதியைக் கழிப்போம். நீங்களாக எடுக்கும் லீவுக்கு இது பொருந்தாது.

ட்ரையல் நாளில் 10 நிமிடம் முன்னால் வாருங்கள். ஷூ, தண்ணீர் பாட்டில், தொப்பி போதும். காலையில் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டு வரட்டும், வெறும் வயிற்றில் அனுப்ப வேண்டாம். முதல் மாதம் பேட், கால் பேட், கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் இங்கேயே தருவோம், எனவே சேரும் முன் எதையும் வாங்காதீர்கள். 13 வயது பேட்ச்சுக்கு வரும் பையன்கள் அப்டாமன் கார்டு என்ற அடிவயிற்றுக் கவசத்தை மட்டும் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும்.