தாய்மாமன் கையெழுத்தும் 40,000 டாலரும்

"என் மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள். ஆனால் அரசுக் கல்லூரி கிடைக்கிற மதிப்பெண் இல்லை. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ்., வருடத்துக்கு 40,000 டாலர் என்கிறார்கள். துபாயில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஸ்பான்சர் கையெழுத்துப் போடத் தயார். அவருக்கு மாதம் 15,000 திர்ஹம் சம்பளம், குடும்பமும் அங்கேதான். பணத்தை நான் மனையை விற்றுப் பார்த்துக்கொள்வேன். மாமா பேப்பர் சரிவராவிட்டால் வேறு ஸ்பான்சர் நாங்களே தருகிறோம் என்கிறார் ஏஜென்ட். இறங்கலாமா?"
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

ஏஜென்ட் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவரின் பாஸ்போர்ட்டை வைத்துச் சீட்டு வாங்குவது மோசடிதான். மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகளின் என்.ஆர்.ஐ. சேர்க்கையை அமலாக்கத் துறை தோண்டியபோது போலித் தூதரகச் சான்றுகளும் புனைந்த குடும்ப மரங்களும்தான் வெளியே வந்தன. ஏஜென்ட் கமிஷனோடு போய்விடுவார். விசாரணை என்று வந்தால் நிற்கப்போவது உங்கள் மகள்.

மைத்துனர் விஷயம் வேறு. இந்த ஒதுக்கீடு எதற்காக வந்தது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-ல் இனாம்தார் வழக்கில் தெளிவாகச் சொன்னது: 15 சதவீதத்துக்கு மிகாமல், உண்மையான வெளிநாடுவாழ் இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் பொறுப்பில் இருப்பவர்களுக்கும். பஞ்சாப் அரசு இதைத் தூரத்து உறவு வரை நீட்டப் பார்த்தபோது, 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றம் இது மோசடி என்று கடுமையாகப் பேசி அரசின் மனுவைத் தள்ளியது. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் கலந்தாய்வு நடத்தும் எம்.சி.சி., உச்ச நீதிமன்றத்தின் 2017 ஆகஸ்ட் 22-ம் தேதி உத்தரவை ஒட்டி, உடன்பிறந்த மாமா, சித்தப்பா, அத்தை போன்ற நெருங்கிய உறவுகளை ஸ்பான்சராக ஏற்றுவந்திருக்கிறது. தாய்மாமன் அதில் வருகிறார். உறவின் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது, அதனால் mcc.nic.in தளத்தில் இந்த ஆண்டுக்கான தகவல் கையேட்டை நீங்களே படித்துவிடுங்கள்.

அப்புறம் ஆவணங்கள். ஸ்பான்சரின் பாஸ்போர்ட்டும் விசாவும், அங்குள்ள இந்தியத் தூதரகம் தரும் என்.ஆர்.ஐ. சான்று, உறவை நிரூபிக்கும் தாள்கள், முழுப் படிப்புக் கட்டணத்தையும் தானே ஏற்பதாக அவர் நோட்டரி முன் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், உங்கள் மகளின் நீட் மதிப்பெண் அட்டை. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இங்கே போட்டுவைக்கும் அவருடைய என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு விவரத்தையும் பல கல்லூரிகள் கேட்கின்றன.

இதில் நம் ஊர்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் உறவுச் சான்று. மகளின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் இருக்கும். அம்மாவும் மாமாவும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று காட்ட, அம்மாவின் பள்ளிச் சான்றையும் மாமா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒன்றில் வெறும் 'கே.' என்ற இனிஷியல், இன்னொன்றில் முழுப் பெயர். ஒன்றில் Kandasamy, இன்னொன்றில் Kandhasami. சரிபார்ப்பவருக்கு உங்கள் மாமனாரைத் தெரியாது, அவருக்கு இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். மாமனார் காலமாகியிருந்தால், பிள்ளைகள் எல்லோர் பெயரும் இருக்கும் வாரிசுச் சான்று இந்த இணைப்புக்கு நல்ல ஆதாரம். பெயர் வித்தியாசத்துக்கு இருவரும் ஒருவரே என்ற சான்று வாங்க வேண்டிவரும். இந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கும். எம்.சி.சி. விண்ணப்பத்தில் உள்ள பிரிவை 'இந்தியர்' என்பதிலிருந்து 'என்.ஆர்.ஐ.' என்று மாற்றிக்கொள்ளத் தரும் அவகாசமோ சில நாள்தான்.

தாள்களைச் சரிசெய்துவிடலாம். எனக்குக் கவலை தருவது, பணத்தை நீங்களே பார்த்துக்கொள்வதாக எழுதியிருப்பது.

கட்டணத்தை நான் ஏற்கிறேன் என்று சத்தியம் செய்வது மைத்துனர். பணம் உங்கள் மனையிலிருந்து வந்தால் அந்தப் பத்திரம் பொய். அது நடைமுறையிலும் நிற்காது. உள்நாட்டில் இருக்கும் நீங்கள் அவருடைய என்.ஆர்.இ. கணக்கில் ரூபாயைப் போட முடியாது. அதற்காக ரூபாயை வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்தால், ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற வரம்புக்குள் இருந்தாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வங்கி 20 சதவீதம் வரி பிடித்து வைக்கும். கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். வங்கியில் பதியும் அந்தத் தடமே பின்னாளில் உங்களுக்கு எதிரான சாட்சியும் ஆகும்.

சரி, மைத்துனரே கட்டுவதாக இருந்தால்? அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. திர்ஹமின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டப்பட்டிருப்பதால் ரூபாய் சரிந்தாலும் அவருக்குப் பாதிப்பில்லை. உங்கள் மகளுக்கும் வரி வராது, தாய்மாமன் தரும் அன்பளிப்புக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் தொகையைப் பாருங்கள். 40,000 டாலர் என்றால் ஏறக்குறைய 1,46,900 திர்ஹம். அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,80,000. மிச்சம் 33,100 திர்ஹத்தில் துபாயில் ஒரு குடும்பம் வருடம் முழுக்க வாழ முடியாது. வேறு சேமிப்பு இல்லையென்றால் அவரால் இது ஆகாது, அவருக்கும் அது தெரிந்திருக்கும். அக்காவிடம் முடியாது என்று சொல்ல மனம் வராமல் தலையாட்டியிருப்பார்.

நீங்கள் கட்டினால் எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் முதல் வருடம் 35.2 லட்சம். ரூபாய் வருடத்துக்கு 3 சதவீதம் சரிவதாகக் கொண்டால் ஐந்தாம் வருடம் 39.6 லட்சம். ஐந்து வருடக் கட்டணம் ஏறக்குறைய 1.87 கோடி. விடுதி தனி. எம்.பி.பி.எஸ். வகுப்புகள் நாலரை வருடம், ஆனால் சில கல்லூரிகள் ஐந்து வருடத்துக்கு வசூலிக்கின்றன, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்.ஆர்.ஐ. சீட்டில் சேர்ந்தால் கடைசிவரை அதே கட்டணம்தான். நடுவில் மைத்துனருக்கு வேலை போய் ஊர் திரும்பினாலும் கல்லூரி குறைக்கும் என்று நம்ப முடியாது.

அதனால் என் பதில், இந்தச் சீட்டு வேண்டாம். மனைப் பணத்தில் படிக்கவைப்பதென்றால், தமிழ்நாடு தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கட்டணத்தை ஒரு குழு ரூபாயில் நிர்ணயிக்கிறது, என்.ஆர்.ஐ. கட்டணத்தைவிட நன்றாகக் குறைவு. உங்கள் பணத்தை உங்கள் பெயரிலேயே கட்டலாம், யாரும் பொய்ச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. மைத்துனர் மருமகளுக்கு வருடம் இரண்டு, மூன்று லட்சம் தர விரும்பினால் தாராளமாகத் தரட்டும். அது அவரால் முடிகிற சீர்.

இடையில் நிகர்நிலைக் கலந்தாய்விலும் பதிவு செய்யச் சொல்வார்கள். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய் திரும்பாது. 2 லட்சம் முன்வைப்பு திரும்பும், ஆனால் இரண்டாம் சுற்றில் இடம் கிடைத்துச் சேராவிட்டால் அதுவும் போய்விடும். சேர முடியாத கல்லூரியை விருப்பப் பட்டியலில் ஒன்றுகூடப் போடாதீர்கள்.