நாமினி இருந்தும் இறந்தவரின் வைப்புத்தொகையைத் தர வங்கி தாமதித்தால், யார் பெயரில் முறையிடுவது?

கேள்வி: அப்பா இறந்து ஐந்து மாதமாகிறது. வங்கியில் அவர் போட்ட 5 லட்ச ரூபாய் டெபாசிட்டுக்கு அம்மாதான் நாமினி. எல்லா ஆவணமும் கொடுத்து நான்கு மாதமாகியும் பணம் வரவில்லை, போகும்போதெல்லாம் புதிதாக ஒரு தாள் கேட்கிறார்கள். பிள்ளைகள் நாங்கள் புகார் கொடுக்கலாமா? தாமதத்துக்கு ஏதாவது கேட்க முடியுமா?

பதில்:

உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். 2022-ஆம் ஆண்டில் எங்கள் குடும்பம் இதே நிலையில் ஏழு மாதங்களைக் கழித்தது. அப்போது நாங்கள் செய்த ஒரு பிழையை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

முறையீடு உங்கள் அம்மாவின் பெயரில், அவருடைய கையொப்பத்துடன் செல்ல வேண்டும். வயதான அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம் என்று எண்ணி, எங்கள் முதல் புகாரை மகன் என்ற முறையில் நானே எழுதினேன். ஐந்து வாரங்கள் கழித்து வங்கியிடமிருந்து வந்த பதில் ஒரே வரியில் இருந்தது: நீங்கள் அந்தக் கணக்கின் நாமினி அல்லர், ஆகவே அதைப் பற்றிய விவரம் எதையும் உங்களுக்குத் தெரிவிக்க இயலாது. எனக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. ஆனாலும் சட்டப்படி அந்த வரியில் தவறில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-இன் 45ZA பிரிவின்படி, வைப்பாளர் இறந்த பிறகு அந்தத் தொகையை வங்கியிடமிருந்து பெறும் உரிமை நாமினிக்கே உண்டு. அவரிடம் கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பும் தீர்ந்துவிடுகிறது. அம்மா எழுதும் கடிதத்தில், தாம் நாமினியாகப் பதிவு செய்யப்பட்டவர் என்பதையும், வைப்பு எண்ணையும், ரசீதில் அச்சாகியிருக்கும் தம் பெயரையும் முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும். பிள்ளைகள் நீங்கள் அந்தக் கடிதத்தைத் தயாரித்துக் கொடுக்கலாம், அம்மா எழுதித் தரும் அதிகாரக் கடிதத்தோடு அவருக்காகப் போய் வரலாம். கோருபவர் மட்டும் அவராகவே இருக்க வேண்டும்.

நாமினி என்றால் பணத்துக்கு முழு உரிமையாளர் என்று பொருளல்ல. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: நாமினி பணத்தைப் பெறுகிறார், அந்தப் பணமோ வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகள் அனைவருக்கும் உரியது. இந்த வேறுபாட்டைச் சில கிளைகளில் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டால்தான் நாமினிக்குத் தருவோம் என்கிறார்கள். வாரிசுகளுக்குள் பங்கு பிரிப்பது வங்கியின் வேலையே அல்ல. பணம் தரக் கூடாது என்று தகுதியுள்ள நீதிமன்றத்தின் ஆணை ஏதும் இல்லாத வரை, அதை நாமினியிடம் கொடுக்க வேண்டியதே அதன் கடமை.

வங்கி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதையும் இந்த வேறுபாட்டைக் கொண்டே அறியலாம். நாமினி பதிவாகியிருக்கும்போது, தொகை எவ்வளவாக இருந்தாலும், நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழோ, பின்னால் இழப்பு வந்தால் ஈடு செய்வதாக எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரமோ, ஜாமீன்தாரரோ கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூன் மாதச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளமும் முகவரியும் காட்டும் ஆவணம் ஆகியவையே அடிப்படையில் தேவையானவை. எங்களிடம் முதலில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார்கள். அலைந்து அதை வாங்கிக் கொடுத்ததும் என் அக்காவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்த பிறகு ஜாமீன் கையொப்பம் என்றார்கள். மூன்றுமே தேவையில்லாதவை, மூன்றையும் வாய்மொழியாகவே கேட்டார்கள்.

ஆனால் அவர்கள் எழுப்பிய ஒரு கேள்வி நியாயமானது. அப்பா நியமனப் படிவத்தை நிரப்பியபோது அம்மாவின் பெயருக்கு முன் தாத்தாவின் தலைப்பெழுத்தைப் போட்டிருந்தார். ஆதார் அட்டையிலோ அப்பாவின் தலைப்பெழுத்து இருந்தது. நம் ஊரில் திருமணமான பெண்கள் பலருக்கும் இந்த வேறுபாடு இருக்கும். படிவத்தில் உள்ளவரும் எதிரே நிற்பவரும் ஒருவரே என்று உறுதிசெய்துகொள்ளும் பொறுப்பு வங்கிக்கு உண்டு. எனவே உங்கள் அம்மாவின் பெயரில் அப்படி ஏதேனும் மாற்றம் இருந்தால், அதற்காக வாதாடி நாளைப் போக்காமல், இரு பெயர்களும் தம்மையே குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி உடனே கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுக்கும் வரை ஆவணங்கள் முழுமையாகவில்லை என்று வங்கி சொல்ல இடம் இருக்கிறது, தாமதத்துக்கான நாள்கணக்கும் தொடங்காது.

அந்த நாள்கணக்கில்தான் நாங்கள் மறுபடியும் சறுக்கினோம். தேவையான எல்லா ஆவணங்களும் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி தீர்வு காண வேண்டும். நாங்கள் மார்ச் 21 அன்று எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு மேலாளர் மேசையில் கொடுத்துவிட்டு, அத்தாட்சி எதுவும் வாங்காமல் வந்துவிட்டோம். பின்னர் கேட்டபோது, முழுமையான ஆவணங்கள் ஜூலையில்தான் கிடைத்தன என்றார்கள். அதை மறுக்க எங்களிடம் ஒரு தாளும் இல்லை. உங்களிடம் முத்திரையிட்ட ஒப்புகை இருந்தால் அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால், இன்றே அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதி, இன்ன தேதியில் இன்னின்ன ஆவணங்கள் கொடுக்கப்பட்டன என்று பட்டியலிட்டு, பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் கிளைக்கும், அதே கடிதத்தை மின்னஞ்சலில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். எங்கள் இரண்டாவது கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"மறைந்த என் கணவரின் மேற்படி வைப்புக்கு நானே பதிவு செய்யப்பட்ட நாமினி. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், என் அடையாள ஆவணம் ஆகியவற்றை 21.03.2022 அன்று கிளையில் அளித்தேன். இன்று வரை தொகை வழங்கப்படவில்லை. இன்னும் ஏதேனும் ஆவணம் தேவையெனில், அது எந்த விதியின்படி தேவை என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். இல்லையெனில் வைப்புத்தொகையையும், அதற்கு வழங்கும் நாள் வரையிலான வட்டியையும், தாமதத்துக்கான இழப்பீட்டையும் என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும்."

எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்ட பிறகு ஜாமீன் பற்றிய பேச்சு மீண்டும் எழவே இல்லை.

அப்போது தாமதத்துக்கு எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியின் இழப்பீட்டுக் கொள்கையைத் தேடிப் படித்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. உங்கள் நிலை எங்களுடையதைவிட மேலானது. இறந்த வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளைத் தீர்ப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய நெறிமுறைகளை வெளியிட்டு, அவற்றை 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைப்படுத்துமாறு வங்கிகளைப் பணித்தது. அவற்றின்படி, 15 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் காரணத்தை வங்கி தெரிவிக்க வேண்டும். தாமதத்துக்கு வங்கியே காரணமாக இருந்தால், தர வேண்டிய தொகையின் மீது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி வீதத்துடன் 4 விழுக்காட்டைக் கூட்டி, அதற்குக் குறையாத ஆண்டு வட்டியைத் தாமதக் காலத்துக்கு இழப்பீடாகத் தர வேண்டும். பேங்க் ரேட் 5.50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 9.50 விழுக்காடு. 5 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 47,500 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 ரூபாய். நீங்கள் ஆவணம் கொடுத்து 120 நாட்கள் ஆகியிருந்தால், அனுமதிக்கப்பட்ட 15 நாட்களைக் கழித்து 105 நாட்களுக்கு ஏறத்தாழ 13,660 ரூபாய் கேட்கலாம். கணக்கை அப்படியே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாக இழப்பீடு வேண்டும் என்று எழுதினால் பதில் பெறுவது கடினம்.

வங்கிக்குப் புகார் சென்று 30 நாட்களாகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம், cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அங்கும் புகார்தாரர் அம்மாவே. வழக்கறிஞர் அல்லாத ஒருவரை அவர் தம் பிரதிநிதியாக நியமிக்கலாம் என்பதால் உங்களில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டதற்கான சான்று இல்லாத புகார் அங்கே நிற்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு காலவரம்பு. ஒரே குறைக்காக ஒரே நேரத்தில் இரண்டு இடங்களையும் அணுகாதீர்கள், ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் புகாரை ஏற்கமாட்டார். பணம் வந்தால் போதும் என்ற நிலையில் குறைதீர்ப்பாளர்தான் விரைவான வழி என்பது என் கருத்து. ஆகஸ்டு இறுதியில் நாங்கள் அங்கே பதிந்தோம், அக்டோபர் 15 அன்று அம்மாவின் கணக்கில் பணம் வந்தது.

வந்த தொகையைச் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அப்பா இறந்தது ஜனவரியில், வைப்பு முதிர்ந்தது மார்ச் 10 அன்று, முதிர்வுத் தொகை 4,60,000 ரூபாய். முதிர்வுக்குப் பிந்தைய 219 நாட்களுக்கு வங்கி சேமிப்புக் கணக்குக்குரிய 3 விழுக்காட்டில் 8,280 ரூபாய் வட்டி போட்டிருந்தது. வைப்பாளர் முதிர்வுக்குப் பிறகு இறந்திருந்தால்தான் சேமிப்பு வட்டி. முதிர்வுக்கு முன்பே இறந்து, முதிர்வுக்குப் பின் கோரப்பட்டால், முதிர்வு நாளில் வைப்புகளுக்கு நடைமுறையில் இருந்த வீதத்தில் தனிவட்டி தர வேண்டும். அன்று அது 5.50 விழுக்காடு, ஆகவே 15,180 ரூபாய் வந்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவின் வைப்பு இன்னும் முதிராமல் இருந்து, அம்மா இப்போதே அதை முடிக்க விரும்பினால், வைப்பு ஓடிய காலத்துக்குரிய வீதத்தில் வட்டி கணக்கிட வேண்டும்; முன்கூட்டியே முடிப்பதற்கான அபராதத்தைப் பிடிக்கக் கூடாது.

குறைந்த 6,900 ரூபாய்க்காக அம்மா மீண்டும் ஒரு கடிதம் எழுதினார், அதையும் தம் பெயரிலேயே. நவம்பர் இரண்டாம் வாரத்தில் அது வந்து சேர்ந்தது.